சித்தப்பாவின் 250 வாட் பனல் ஏன் பாதிதான் தருது?

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை. தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக் குசினியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது வடமராட்சியிலிருந்து சித்தப்பாவின் வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. குரலிலேயே கோபம் தெரிந்தது.

"பிள்ளை, கடைக்காரன் எனக்குப் பழுதான பனலைத் தலையில கட்டிவிட்டான். பின்னால 250 வாட் எண்டு எழுதிக் கிடக்கு. மத்தியான வெயிலிலயும் 107க்கு மேல போகுதில்லை. நாளைக்கு நான் அவனிட்டப் போய் நல்லாக் கேக்கப் போறன்."

அந்தக் கடைக்காரர் ஊர்க்காரர். ஒரே கோயில், ஒரே ஒழுங்கை. சித்தப்பா சண்டை பிடித்தால் அது அடுத்த திருவிழா வரைக்கும் போகும். அதனால், "ஒரு நாள் பொறுங்கோ சித்தப்பா. பனலின்ர பின்பக்கத்தையும், பற்றரிக்குப் போற அந்தக் கொன்ட்ரோலர் பெட்டியையும் படம் எடுத்து அனுப்புங்கோ" என்றேன்.

படங்கள் வந்தன. பனலின் பின்னால் ஒட்டியிருந்த தாளில் இப்படி இருந்தது: Pmax 250 W, Vmp 30.5 V, Imp 8.2 A, Voc 37.6 V, Isc 8.7 A. கொன்ட்ரோலர் பெட்டியின் திரையில் 13.2 V, 8.1 A. அந்தப் பெட்டி, முந்தி அவரிடம் இருந்த சின்னப் பனலுக்கு வாங்கியது. பனலை மட்டும் பெரிதாக மாற்றியிருக்கிறார்.

எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. நான் இங்கே ஒரு பாடசாலையில் அறிவியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இந்த விஷயத்துக்கான பொருட்களை வருடா வருடம் மேசையில் எடுத்து வைப்பவள் நான்தான். ஆனால் போனில் சொல்லிச் சித்தப்பாவை நம்ப வைக்க முடியவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் பதின்மூன்று வயது மகளும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள். "250 எண்டு எழுதினா 250 தானே அம்மா வரவேணும்?"

சரி, செய்தே பார்ப்போம் என்று தோட்டத்தில் ஒரு சின்ன மேசை போட்டோம்.

தேவையான பொருட்கள்

ஒரு கை அகலமான 6 வோல்ட், 1 வாட் பனல். விளையாட்டுச் சாமான் செய்பவர்கள் பாவிப்பது, இணையத்தில் கிடைக்கும். உற்றுப் பார்த்தால் அதில் 12 துண்டுகள், அதாவது 12 கலங்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருப்பது தெரியும். ஒரு கலம் வேலை செய்யும்போது ஏறக்குறைய அரை வோல்ட் தரும். பன்னிரண்டு அரை வோல்ட் சேர்ந்தால் 6 வோல்ட். சித்தப்பாவின் பனலில் 60 கலங்கள். அதனால்தான் அது 30 வோல்ட் பனல். அளவு வேறு, ஆனால் உள்ளே நடப்பது ஒன்றே.

அடுத்து, 10 ஓம் தடைகள் இருபது. வெள்ளைச் செங்கல் மாதிரி இருக்கும் 5 வாட் தடைகளாக வாங்குங்கள். அவை சூடாகி எரியாது. முதலில் பத்தை ஒரு பிளாஸ்டிக் இணைப்புப் பட்டையில் சங்கிலி போலத் தொடுத்தோம். இங்கே எலக்ட்ரிஷியன்மார் அந்தப் பட்டையைச் சொக்லெட் புளொக் என்பார்கள். மீதிப் பத்தைப் பையிலேயே வைத்தோம். கடைசியாக ஒரு சாதாரண மல்டிமீட்டர், முதலை வாய் மாதிரிக் கடிக்கும் கிளிப் போட்ட இரண்டு வயர்கள், ஒரு கிராஃப் தாள், பென்சில். எனக்கு எல்லாமாக 20 பவுணுக்குக் கிட்ட முடிந்தது.

பனலின் ஒரு வயரைச் சங்கிலியின் தொடக்கத்தில் பூட்டுங்கள். மற்ற வயரை முதல் தடையின் முடிவில் கடிக்க விட்டால் 10 ஓம். இரண்டாவதன் முடிவில் விட்டால் 20. இப்படியே 100 ஓம் வரைக்கும் போகலாம். மல்டிமீட்டரை வோல்ட் நிலையிலேயே வைத்துப் பனலின் இரண்டு முனைக்கும் குறுக்கே பிடியுங்கள். மின்னோட்டத்தைத் தனியாக அளக்கத் தேவையில்லை. தடை எவ்வளவு என்று தெரியும், வோல்ட் எவ்வளவு என்று மீட்டர் சொல்கிறது; I = V / R என்று வகுத்தால் மின்னோட்டம் வந்துவிடும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. பிள்ளைகள் மீட்டரின் வயரை அம்பியர் துளையில் மறந்துவிட்டு, அடுத்த நாள் அதைப் பற்றரிக்குக் குறுக்கே வைத்து உள்ளே இருக்கும் ஃபியூசை எரிப்பதுதான் எங்கள் ஆய்வுகூடத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து. வோல்ட் மட்டும் அளந்தால் அந்தத் தொல்லை இல்லை.

வெயிலில் வைப்பது எப்படி

கோடை நேரத்தில் லண்டனில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணியளவில். அப்போதும் அது தலைக்கு நேரே வராது. தை, மார்கழியில் கூரைகளைத் தொட்டுக்கொண்டு போகும். ஆனி மாதத்தில்கூட 62 பாகை உயரம்தான். ஆகவே பனலைத் தட்டையாகப் படுக்க வைக்காமல் தெற்குப் பக்கம் சாய்த்து வையுங்கள். எவ்வளவு சாய்ப்பது என்பதற்கு ஒரு சுலபமான வழி: பனலின் மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பென்சிலின் நிழல் முற்றாக மறையும் நிலையில் பனல் சூரியனை நேராகப் பார்க்கிறது. புத்தகங்களை அடுக்கி அந்தச் சாய்வில் நிறுத்திவிட்டு, பிறகு கடைசி வரைக்கும் அசைக்க வேண்டாம்.

உடனே அளக்கவும் தொடங்க வேண்டாம். ஒன்றும் இணைக்காத பனலில் மீட்டரை வைத்தபோது எங்களுக்கு முதலில் 7.0 வோல்ட் காட்டியது. பத்து நிமிடம் கழித்து 6.78க்கு வந்து நின்றது. மகள் மேகம் வந்துவிட்டதா என்று மேலே பார்த்தாள். மேகம் இல்லை, பனல் சூடாகிவிட்டது. சிலிக்கன் கலம் சூடானால் அதன் வோல்ட் குறையும். எங்கள் பனலில் ஒவ்வொரு பாகைக்கும் ஒரு வோல்ட்டின் நாற்பதில் ஒரு பங்கு. இந்த விஷயம் பிறகு சித்தப்பாவின் கூரையிலும் வரும், நினைவில் வையுங்கள்.

அளந்து எழுதியது

மகள் கிளிப்பை ஒவ்வொரு தடையாக நகர்த்தினாள், நான் எழுதினேன். மின்னோட்டம் மில்லி அம்பியரில். கடைசி நிரல் வலு, அதாவது P = V × I. இந்தியப் புத்தகங்களில் இதையே திறன் என்பார்கள்.

| தடை (ஓம்) | வோல்ட் | மில்லி அம்பியர் | வலு (வாட்) |
|---|---|---|---|
| 10 | 1.29 | 129 | 0.17 |
| 20 | 2.57 | 128 | 0.33 |
| 30 | 3.84 | 128 | 0.49 |
| 40 | 4.98 | 124 | 0.62 |
| 50 | 5.66 | 113 | 0.64 |
| 60 | 5.96 | 99 | 0.59 |
| 80 | 6.24 | 78 | 0.49 |
| 100 | 6.37 | 64 | 0.41 |

கிராஃப் தாளில் கீழே வோல்ட், பக்கத்தில் மின்னோட்டம். புள்ளிகளைக் குறித்துச் சேர்த்ததும் ஒரு விசித்திரமான கோடு வந்தது. இடப்பக்கத்திலிருந்து தட்டையான மொட்டைமாடி மாதிரிப் போய், 5 வோல்ட் தாண்டியதும் மடங்கி, 6.78 வோல்ட்டில் செங்குத்தாகக் கீழே விழுகிறது. "இது நேர்கோடா வரவேணுமே அம்மா? பள்ளிக்கூடத்தில தடைக்கு நேர்கோடுதானே வந்தது?" என்று கேட்டாள். தடைக்கு நேர்கோடுதான். ஆனால் இங்கே நாங்கள் வரைந்திருப்பது பனலின் குணத்தை.

இப்போது வலுவை அந்தத் தாளிலேயே கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நேரே கீழே ஒரு கோடு, நேரே இடப்பக்கம் ஒரு கோடு போட்டால் ஒரு பெட்டி வரும். பெட்டியின் அகலம் வோல்ட், உயரம் மின்னோட்டம். ஆகவே பெட்டியின் பரப்புத்தான் வலு. 20 ஓம் புள்ளியின் பெட்டி உயரமானது, ஆனால் ஒடுங்கியது. 100 ஓம் புள்ளியின் பெட்டி அகலமானது, ஆனால் குட்டை. கோடு மடங்குகிற இடத்தில், முழங்கால் மாதிரி இருக்கும் அந்த மூலையில், பெட்டி மிகப் பெரிதாக வருகிறது. அதுதான் உச்ச வலுப் புள்ளி. பனலின் பின்னால் Vmp, Imp என்று எழுதியிருப்பது இந்த ஒரு புள்ளியின் அகலமும் உயரமும்தான். Voc என்பது ஒன்றும் இணைக்காதபோது வரும் வோல்ட். Isc என்பது இரண்டு முனையையும் நேரடியாகச் சேர்த்தால் ஓடும் மின்னோட்டம். இரண்டு முனையிலும் பெட்டிக்குப் பரப்பே இல்லை, வலுவும் இல்லை.

உச்சி 40க்கும் 50க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மகளுக்குச் சந்தேகம். ஐந்தாவது தடைக்குப் பக்கத்தில், பையிலிருந்து எடுத்த இன்னொரு 10 ஓம் தடையைச் சமாந்தரமாகப் போட்டோம். இரண்டு பத்து பக்கம் பக்கமாக நின்றால் 5 ஓம். அப்படி 45 ஓமில் 5.39 வோல்ட், 0.645 வாட் வந்தது. உச்சிக்குக் கிட்டக் கோடு மெதுவாகத்தான் இறங்குகிறது. கொஞ்சம் தவறினால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் கன தூரம் தவறினால் பாதி போய்விடும்.

ஏன் இப்படி மடங்குது?

இதை விளக்க எனக்கு இரணைமடுக் குளம்தான் கைகொடுத்தது. அம்மா சின்ன வயதில் அங்கே வான் பாய்வதைப் பார்த்த கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா.

ஒரு குளத்துக்கு வாய்க்காலால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது என்று வையுங்கள். வருகிற தண்ணீரின் அளவை மழை தீர்மானிக்கிறது, குளம் அல்ல. பனலில் அந்த மழை சூரிய ஒளி. ஒளி கலத்தில் விழுந்து இலத்திரன்களை விடுவிக்கிறது. எவ்வளவு ஒளியோ அவ்வளவு மின்னோட்டம். ஒளி பட்டால் திண்மப் பொருள் ஒன்று தானாக மின்னோட்டம் தரும் என்பதை 1876இல் முதலில் கண்டவர்கள், இங்கே லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் கிரில்ஸ் ஆடம்ஸும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் டேயும். அவர்கள் பாவித்தது செலீனியம், இன்று சிலிக்கன்.

குளத்தின் நீர்மட்டம்தான் வோல்ட். மதகைப் பெரிதாகத் திறந்துவிட்டால் வருகிற தண்ணீர் முழுவதும் வயலுக்குப் போகும், ஆனால் மட்டம் ஏறாது. இது எங்கள் 10 ஓம். மதகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால் மட்டம் உயரும்; போகிற தண்ணீரின் அளவு அப்படியே இருக்கும். கோட்டின் மொட்டைமாடிப் பகுதி இதுதான். ஆனால் மட்டம் வான் கட்டின் விளிம்பை நெருங்கியதும் தண்ணீர் வான் பாயத் தொடங்கும். வயலுக்குப் போக வேண்டியது மற்றப் பக்கத்தால் வழிந்து போகிறது. கலத்துக்குள்ளேயும் அப்படி ஒரு வான் இருக்கிறது: ஒரு கலத்தில் அரை வோல்ட் அளவு வந்ததும், வெளியே வரவேண்டிய மின்னோட்டம் கலத்தின் சந்தி வழியாக உள்ளேயே திரும்பி ஓடத் தொடங்கும். மதகை முற்றாக மூடினால் எல்லாம் வான் பாய்ந்துவிடும். அந்த மட்டம்தான் Voc.

தண்ணீரால் ஒரு சில்லைச் சுழற்ற வேண்டுமானால் அளவும் வேண்டும், உயரமும் வேண்டும். ஆகவே வான் பாயத் தொடங்குவதற்குச் சற்று முந்திய மட்டத்தில் குளத்தை வைத்திருப்பதுதான் கெட்டித்தனம்.

சித்தப்பாவின் பற்றரி எந்தப் புள்ளி?

இதுவரை மதகைத் திறந்து மூடியது நாங்கள். சித்தப்பாவின் வீட்டில் அதைச் செய்வது யார்? பற்றரி.

12 வோல்ட் பற்றரி ஒன்று சார்ஜ் ஆகும்போது 13, 14 வோல்ட்டில் நிற்கும். அவருடைய பழைய கொன்ட்ரோலர் பி.டபிள்யூ.எம். வகை. அது ஒரு சுவிட்ச் மாதிரித்தான்: பற்றரி நிறையும்வரை பனலை அப்படியே பற்றரியோடு சேர்த்து வைத்திருக்கும். அப்படிச் சேர்ந்தால் பனலும் 13.2 வோல்ட்டுக்கு வந்தாக வேண்டும், வேறு வழி இல்லை. 30 வோல்ட்டில் நிற்கவேண்டிய குளத்தின் மதகை 13 வோல்ட் மட்டத்துக்குத் திறந்துவிட்ட கதை. மின்னோட்டம் முழுதாக வருகிறது: 8.1 அம்பியர். பெட்டியின் உயரம் சரி, அகலம் பாதிக்கும் குறைவு. 13.2 × 8.1 = 107 வாட்.

எங்கள் அட்டவணையில் 20 ஓம் வரியைப் பாருங்கோ. 2.57 வோல்ட்டில் 0.33 வாட். 6 வோல்ட் பனலை 2.5 வோல்ட்டில் பிடித்து வைத்தால் பாதி வலு. "இதுதான் சித்தப்பாட பற்றரி" என்று மகளே விரல் வைத்துக் காட்டினாள். அந்த இடத்தில் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

முந்திய சின்னப் பனலில் இந்தக் குறை ஏன் தெரியவில்லை? அது 36 கலப் பனல், Vmp 18 வோல்ட் அளவு. ஊர் வெயிலில் சூடாகி 15 வோல்ட்டுக்குக் கிட்ட வந்துவிடும்; பற்றரியின் மட்டத்துக்கு அது அவ்வளவு தூரமில்லை. கொஞ்ச நட்டம்தான். 60 கலப் பனலுக்கு அதே பெட்டி பொருந்தாது.

இதற்கு வேண்டியது எம்.பி.பி.டி. கொன்ட்ரோலர். அது பனலை அதன் முழங்கால் புள்ளியில் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த வோல்ட்டைப் பற்றரிக்கு ஏற்றபடி இறக்கிக் கொடுக்கும். வோல்ட் இறங்கும்போது அம்பியர் அதே விகிதத்தில் ஏறும். உள்ளே போகும் வலுவில் சிறு பங்குதான் சூடாகப் போகும். வீட்டுக் கூரையில் பனல் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு இது ஏற்கனவே இருக்கிறது. உங்கள் இன்வேட்டருக்குள்ளேயே அந்த வேலை நடக்கிறது.

மேகம் வந்தால்

"அப்ப 45 ஓமில விட்டிட்டாச் சரிதானே? எதுக்கு அதுக்கு ஒரு மெசின்?" என்று மகள் கேட்டாள். லண்டன் வானம் உடனே பதில் சொன்னது. ஒரு மெல்லிய வெள்ளை மேகம் வந்து நின்றது.

50 ஓமில் வைத்துப் பார்த்தோம்: 2.10 வோல்ட். வலு 0.09 வாட்தான். கிளிப்பை மேலே நகர்த்த நகர்த்த வலு ஏறிக்கொண்டே போனது. 100 ஓமில் 4.07 வோல்ட், 0.17 வாட். சங்கிலி முடிந்துவிட்டது, உச்சியைக் காணவில்லை! பையில் கிடந்த தடைகளில் ஐந்தை அவசரமாகச் சேர்த்தோம். 140 ஓமில் 5.20 வோல்ட், 0.19 வாட். 150 ஓமில் இறங்கத் தொடங்கியது.

ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தபோது மின்னோட்டமும் மூன்றில் ஒன்றானது. ஆனால் உச்சி இருந்த வோல்ட் பெரிதாக மாறவில்லை, வெயிலில் 5.39, மேகத்தில் 5.20. மாறியது தடை: 45இலிருந்து 140. ஒரே தடையோடு இருந்திருந்தால், மேகத்தில் கிடைத்த கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் கைவிட்டுப் போயிருக்கும்.

ஆகவே யாராவது ஒருவர் கிளிப்பை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மகள் செய்தது என்ன? ஒரு படி நகர்த்தினாள், வலுவைக் கணக்கிட்டாள். கூடினால் அதே பக்கம் இன்னொரு படி, குறைந்தால் திரும்பி வந்தாள். எம்.பி.பி.டி.க்குள் இருக்கும் சின்னக் கணினியும் இதையேதான் செய்கிறது, நாள் முழுக்க ஓயாமல். அதனால் அது உச்சியில் அசையாமல் நிற்பதில்லை. உச்சியைச் சுற்றி ஒரு படி இந்தப் பக்கம், ஒரு படி அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும்.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு பனலின் ஒரு பகுதியில் புகைபோக்கியின் நிழல் விழுந்தால், கோட்டில் ஒரு படிக்கட்டு வந்து, ஒரு மலைக்குப் பதில் இரண்டு மலை தோன்றும். படிப்படியாக ஏறுகிறவர் சின்ன மலையின் உச்சியில் நின்றுகொண்டு, இதுதான் உச்சி என்று நினைக்கலாம். நல்ல இன்வேட்டர்கள் இடைக்கிடை முழுக் கோட்டையும் ஒரு தடவை நடந்து பார்ப்பது இதற்காகத்தான்.

நீங்கள் செய்யும்போது பிழைக்கக்கூடியவை

அளந்துகொண்டிருக்கும்போது மேகம் வந்தால் புள்ளிகள் கோணலாக வரும். கண்டுபிடிப்பது சுலபம்: கடைசித் தடையை அளந்த பிறகு திரும்பவும் 10 ஓமுக்கு வாருங்கள். முதலில் வந்த வோல்ட்டே வந்தால் கணக்குச் சரி. வராவிட்டால் வெளிச்சம் மாறிவிட்டது, திரும்பச் செய்யுங்கள்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் சட்டென்று கீழே விழுந்தால், யாருடைய விரலோ வயரோ பனலில் நிழல் போட்டிருக்கும். கலங்கள் தொடராக இருப்பதால் ஒரு கலத்தை மூடினாலே முழுப் பனலின் மின்னோட்டமும் படுத்துவிடும். பிள்ளைகளை வேண்டுமென்றே ஒரு கலத்தை விரலால் மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

வீட்டுக்குள் எல்.ஈ.டி. விளக்கின் கீழ் செய்தால் மின்னோட்டம் மிகக் குறைவு. 100 ஓம் சங்கிலி போதாது, கோட்டின் மொட்டைமாடி மட்டும்தான் தெரியும். வெளியே வாருங்கள்.

இன்னுமொன்று. இந்தச் சோதனை கை அகலப் பனலுக்கு மட்டும். கூரைப் பனல்களைத் தொடராக இணைத்தால் நூற்றுக்கணக்கான வோல்ட் வரும். நேரோட்ட மின்சாரம் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பைக் கழற்றினால் எழும் மின்பொறி தானாக அணையாது. அதில் கை வைக்கவே வேண்டாம்.

சண்டை என்ன ஆச்சு?

கிராஃப் தாளையும், மகள் கிளிப்பை நகர்த்தும் வீடியோவையும் சித்தப்பாவுக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ்: "அப்ப பனல் பழுதில்லை எண்டுறியள்?"

"பழுதில்லை சித்தப்பா. ஆனா பெட்டியை மாத்தினாலும் 250 வராது, அதையும் இப்பவே சொல்லிப்போடுறன்" என்றேன். 250 என்பது தொழிற்சாலைச் சோதனையில், ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியில், கலம் 25 பாகையில் இருக்கும்போது அளந்தது. வடமராட்சியில் பகல் வெயிலில் கலம் 60 பாகைக்குப் போகும். எங்கள் தோட்டத்தில் 7.0 வோல்ட் 6.78 ஆன அதே காரணத்தால், அவருடைய 30.5 வோல்ட் 26க்குக் கிட்ட வந்துவிடும். 200 வாட் வந்தால் நல்ல பனல் என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். புதுப் பெட்டி வாங்கும்போது, அது தாங்கும் உச்ச வோல்ட் பனலின் Voc ஆன 37.6ஐ விடத் தாராளமாகக் கூட இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். காலைக் குளிரில் அந்த எண் இன்னும் ஏறும்.

மூன்று கிழமை கழித்து ஒரு படம் வந்தது. புதுப் பெட்டியின் திரையில் 13.3 V, 14.4 A. மகள் பென்சிலை எடுத்துப் பெருக்கினாள்: 192 வாட். அதே பனல், அதே வெயில்.

அடுத்த நாள் பின்னேரம் திரும்பவும் போன். "பிள்ளை, இப்ப 40 வாட்தான் காட்டுது. பெட்டியும் பழுதோ?" பற்றரி எத்தனை வோல்ட் என்று கேட்டேன். 14.4 என்றார். பற்றரி நிறைந்துவிட்டால் பெட்டி வேண்டுமென்றே உச்சிப் புள்ளியை விட்டு விலகிக்கொள்ளும். எடுக்க ஆளில்லாத வலுவைப் பனலிடம் கேட்காது. ஆகவே பனலைச் சோதிக்க வேண்டுமானால், பற்றரி இறங்கியிருக்கும் நேரத்தில், ஃபேனும் மோட்டரும் ஓடும்போது பார்க்க வேண்டும்.

அந்தப் பெட்டியை எங்கே வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "அந்தக் கடையிலதான். பத்து வீதம் கழிச்சுத் தந்தவன். நல்ல பெடியன்."